வயசு போன, மெலிஞ்ச ஆக்களுக்குப் பிரஷர் குளிசை குறைக்கிறது: எழும்பி நிக்க வச்சு அளக்கிறதில இருந்து கடைசிக் குளிசை வரைக்கும்

நான் வெள்ளவத்தையில ஃபமிலி டொக்டரா இருக்கிறன். இதில எழுதுறது என்ர பெரியம்மான்ர கதையை வச்சு. வயசு 84, நிறை 41 கிலோ, பொல்லு பிடிச்சுத்தான் நடப்பா, குளிக்க வாக்க ஒரு ஆள் வேணும். மூண்டு மாசத்தில ரெண்டு தரம் விழுந்திட்டா, ரெண்டும் விடியக்காலமை கட்டிலால எழும்பிப் பாத்ரூம் போகேக்க. ரெண்டாம் தரம் கைமணிக்கட்டு முறிஞ்சுது. கிளினிக்கில கதிரையில இருத்தி அளந்தா 138/70, "பிரஷர் நல்ல கொன்ட்ரோல்" எண்டு கொப்பியில எழுதியிருந்திச்சு. நானும் சொந்தக்காரப் பிள்ளைதானே, அதைப் பாத்திட்டு சரிதான் எண்டு விட்டிட்டன். முதல் பிழை என்ரதுதான்.

தொடங்க முதல் ஒண்டு. இது வீட்டில தாங்களே குளிசையை நிப்பாட்டுறதுக்கான வழி இல்லை. அளக்கிறது, எழுதிறது, கவனிக்கிறது வீட்டுக்காரர்ர வேலை, எந்தக் குளிசையை எப்ப குறைக்கிறது எண்டது பாக்கிற டொக்டரோட சேந்து எடுக்கிற முடிவு. புதுசா வேலை தொடங்கின தம்பி தங்கச்சி டொக்டர்மாரும் வாசிக்கலாம், நான் பாத்த பிழைகளில பாதி அவையள் செய்தது, மிச்சப் பாதி நான் செய்தது.

1. எல்லாக் குளிசையையும் ஒரு துவாயில கொட்டுங்கோ

கொப்பியைப் பாத்து லிஸ்ட் எழுதக்கூடாது. கட்டிலில ஒரு துவாயை விரிச்சு வீட்டில இருக்கிற குளிசை எல்லாத்தையும் அதில வையுங்கோ, கிளினிக்கில தந்த கடதாசி என்வலப், பார்மசியில வாங்கின பட்டி, ஹேண்ட்பாக்கில கிடக்கிறது, சாமி அறையில இருக்கிறது, கனடாவில இருந்து மகள் அனுப்பினது, எல்லாம். ஏனெண்டா எங்கட ஆக்கள் அரசாங்க கிளினிக்குக்கும் போவினம், இடையில பிரைவேட்டாவும் ஒராளைப் பாப்பினம், ரெண்டு இடத்திலயும் ஒரே மருந்து வேற வேற பேரில வந்திடும். ஒரு ஐயா ஆறு மாசமா லொசார்டானை என்வலப்பில இருந்து ஒருக்கா, பெட்டியில இருந்து ஒருக்கா எண்டு ரெண்டு மடங்கு குடிச்சுக்கொண்டிருந்தவர். ஒண்டு வெள்ளை, மற்றது பச்சை, அவருக்கு ரெண்டும் வேற வேற குளிசை.

பிரஷருக்கு எண்டு எழுதாத குளிசையும் பிரஷரை இறக்கும். புரோஸ்டேட்டுக்குக் குடுக்கிற டம்சுலோசின், நரம்பு நோவுக்கும் நித்திரைக்கும் குடுக்கிற அமிட்ரிப்டிலின், பார்க்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா, நெஞ்சு நோவுக்கு நைட்ரேட். இதுகளை விட்டிட்டு எண்ணினா கணக்குப் பிழைக்கும்.

பெரியம்மான்ர துவாயில இருந்தது இவ்வளவு: லொசார்டான் 50 மில்லிகிராம் காலமையும் இரவும், அம்லோடிபின் 10 காலமை, ஃபுரூசமைட் 40 காலமை, பிராசோசின் 1 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூண்டு தரம். பிராசோசின் எப்ப சேந்தது எண்டு கொப்பியைப் பின்னுக்குத் தட்டிப் பாத்தன். ஒரு நாள் கிளினிக்கில 168 காட்டியிருக்கு. அண்டைக்கு விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, சாப்பிடாம, த்ரீவீலில குலுங்கிப் போய், நம்பர் எடுத்து நாலு மணித்தியாலம் வாங்கில இருந்தவ. யாருக்குத்தான் 168 வராது.

2. ஆள் எப்பிடி எண்டு பாத்திட்டுத்தான் இலக்கு

வயசு மட்டும் வச்சு முடிவெடுக்கக் கூடாது. 82 வயசில காலமை காலமை வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடந்திட்டு, மீன் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வாற ஆளுக்கு இந்த வழிகாட்டி இல்லை, அவருக்கு நல்லாப் பிரஷரைக் குறைச்சு வச்சா ஸ்ட்ரோக்கும் ஹார்ட் ஃபெயிலியரும் குறையும், அவரைத் தேவையில்லாமக் குளிசை குறைக்கச் சொல்லாதேங்கோ. நான் சொல்லுறது நிறை இறங்கின, கதிரையில இருந்து கை ஊண்டாம எழும்ப ஏலாத, குளிக்க உடுக்க ஆள் தேவைப்படுற, விழத் தொடங்கின ஆக்களைப் பற்றி.

இப்பிடி ஆக்களுக்கு இறுக்கமான இலக்கு எங்க இருந்து வந்தது எண்டு கேட்டா, பெரிய ஆராய்ச்சிகளைக் காட்டுவினம். 2015 இல வந்த ஸ்பிரிண்ட் ஆராய்ச்சியில 120 க்குக் கீழ கொண்டுபோனதால பலன் கிடைச்சது உண்மை, 75 வயசுக்கு மேலயும் கிடைச்சது. ஆனா அதில சலரோகக்காரர் இல்லை, ஸ்ட்ரோக் வந்தவை இல்லை, முதியோர் இல்லத்தில இருக்கிறவை இல்லை, எழும்பி நிண்ட உடன 110 க்குக் கீழ போறவையையும் சேர்க்கேல்லை. 80 வயசுக்கு மேற்பட்டவையை வச்சு 2008 இல வந்த ஹைவெட் எண்டதில இலக்கு 150/80 தான், அதிலயும் நிண்டபடி மேல் நம்பர் 140 ஆவது இருந்தவையைத்தான் எடுத்தவை. பெரியம்மா ரெண்டுக்குள்ளயும் போயிருக்க மாட்டா. அவவுக்கு அந்த முடிவுகளைப் பொருத்தினது எங்கட வேலைப் பிழை, ஆராய்ச்சின்ர பிழை இல்லை.

இங்கிலாந்தின்ர நைஸ் வழிகாட்டியில 80 வயசு தாண்டினா கிளினிக் அளவு 150/90 க்குக் கீழ போதும், மெலிஞ்ச ஆக்களுக்கு டொக்டர் யோசிச்சு முடிவெடுக்கலாம் எண்டு இருக்கு. 2024 ஐரோப்பிய இதய வழிகாட்டியும் 85 தாண்டினவை, நல்லா மெலிஞ்சவை, எழும்பேக்க பிரஷர் விழுறவைக்கு 140/90 க்கு மேல போனாத்தான் மருந்து தொடங்கிறதைப் பற்றி யோசியுங்கோ எண்டு சொல்லுது. என்ர நடைமுறை என்னெண்டா, இப்பிடி ஆளுக்கு இருந்தபடி 140 இல இருந்து 150 வரைக்கும் சந்தோசம், ஆள் ரொம்ப ஏலாதவர் எண்டா 160 வரைக்கும் பேசாம இருப்பன், நிண்டபடி 120 க்குக் கீழ போகாம இருக்கவேணும். ரெண்டு அல்லது கூடப் பிரஷர் குளிசை குடிக்கிற மெலிஞ்ச ஆளுக்கு இருந்தபடி 130 க்குக் கீழ எண்டா அது "நல்ல கொன்ட்ரோல்" இல்லை, எதைக் குறைக்கலாம் எண்டு கேக்கவேண்டிய நேரம்.

3. படுக்க வச்சு, நிக்க வச்சு அளக்கிறது

இதைத்தான் எல்லாரும் பிழையாச் செய்யிறவை, அதால இதில கொஞ்சம் நிப்பம்.

தேவையானது மேல்கையில கட்டுற டிஜிட்டல் மிஷின், மணிக்கட்டில கட்டுறது வேண்டாம். மெலிஞ்ச கைக்குச் சின்னக் கஃப் வேணும், பெரிய கஃப்பைச் சின்னக் கையில சுத்தினா உண்மையான அளவை விடக் குறைவாக் காட்டும். நாடி ஒழுங்கில்லாமத் துடிக்கிற ஆக்களுக்கு மிஷின் ஒவ்வொருக்கா ஒவ்வொண்டு காட்டும், அவையளுக்கு டொக்டரைக் கொண்டு கையால அளப்பியுங்கோ.

முதல்ல கட்டிலில அஞ்சு நிமிசம் முழுசாப் படுக்க வையுங்கோ, கதைக்க விடாதேங்கோ. அளவுங்கோ, நாடித்துடிப்பையும் எழுதுங்கோ. பிறகு எழும்பி நிக்க வையுங்கோ, ஒராள் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு நிக்கோணும், பின்னால கதிரை இருக்கோணும். ஒரு நிமிசத்தில ஒருக்கா, மூண்டு நிமிசத்தில ஒருக்கா அளவுங்கோ. மேல் நம்பர் 20 அல்லது கீழ் நம்பர் 10 இறங்கினா அது எழும்பேக்க விழுற பிரஷர். படுக்க வைக்க வசதியில்லாட்டி இருத்தி, நிக்க வச்சு அளவுங்கோ, ஆனா அப்ப 15 இறங்கினாலே கணக்கில எடுங்கோ, ஏனெண்டா இருக்கேக்கயே கொஞ்ச ரத்தம் காலுக்கு இறங்கியிருக்கும். அளக்கேக்க தலை சுத்துது, கண் இருட்டுது எண்டா உடன இருத்துங்கோ, மூண்டு நிமிசம் வரட்டும் எண்டு பிடிச்சு வச்சுக்கொண்டு நிக்காதேங்கோ.

இதில யாரும் சொல்லித் தராத ஒரு விசயம், நிக்கேக்க கை தொங்கிக்கொண்டு இருக்கக்கூடாது. கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழ இருந்தா மிஷின் கூடக் காட்டும், அப்ப இறங்கினது தெரியாமப் போயிடும். பெரியம்மாவை நான் முதல் தரம் அளக்கேக்க இதுதான் நடந்தது, கை தொங்கினபடி ஒரு நிமிசத்தில 132 எண்டு வந்திச்சு, பரவாயில்லையே எண்டு நினைச்சன். பிறகு அவவின்ர கையை என்ர தோளில வச்சுக்கொண்டு நிக்க வச்சு அளந்தன். படுத்தபடி 148/72, ஒரு நிமிசத்தில 112/60, மூண்டு நிமிசத்தில 118/62, நாடி 68 இல இருந்து 76. "பிள்ளை, இப்பத்தான் பாத்ரூமுக்குப் போறமாதிரி இருக்கு" எண்டா. கண் இருட்டுறதைத்தான் அப்பிடிச் சொல்லுறா. இவ்வளவு நாளும் "தலை சுத்துதா?" எண்டு கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவா, ஏனெண்டா அவவுக்குச் சுத்தேல்லை, இருட்டுது. கேள்வியை மாத்திக் கேளுங்கோ.

நேரமும் முக்கியம். விடிய எழும்பின உடன, குளிசை குடிச்சு ரெண்டு மணித்தியாலத்தில, மத்தியானம் சோறு சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில, இந்த மூண்டு நேரமும் ஒவ்வொரு நாளாவது அளந்து பாருங்கோ. இரவு முழுக்கச் சலம் போய் உடம்பில தண்ணி குறைஞ்சிருக்கும், சாப்பிட்டாப்பிறகு ரத்தம் வயித்துப் பக்கம் போகும், அதால இந்த நேரங்களிலதான் விழும். ஒரு நல்ல நேரத்தில அளந்து ஒண்டும் இல்லை எண்டு வாறது, ஞாயிற்றுக்கிழமை காலி வீதியைப் பாத்திட்டு ட்ராஃபிக்கே இல்லை எண்டு சொல்லுற மாதிரி.

நாடியையும் பாருங்கோ எண்டு ஏன் சொன்னனான் எண்டா, பிரஷர் நல்லா இறங்கியும் நாடி கொஞ்சமும் கூடாம நிண்டா அதை ஏத்திற நரம்புகள் பழுது எண்டு யோசிக்கலாம், பழைய சலரோகம், பார்க்கின்சன் மாதிரி. நாடியை மெதுவாக்கிற பீட்டா ப்ளொக்கர் குடிக்கிறவைக்கும் நாடி கூடாது. மாறி, நாடி எக்கச்சக்கமாக் கூடினா தண்ணி காணாது அல்லது எங்கயோ ரத்தம் போகுது எண்டு தேடோணும், குளிசையை மட்டும் குற்றம் சொல்லாம.

4. ஒவ்வொரு குளிசைக்கும் "இது ஏன் தொடங்கினது?"

குறைக்க முதல் இந்தக் கேள்விக்கு விடை எழுதோணும். ஏனெண்டா பிரஷர் குளிசை எண்டு நாங்கள் சொல்லுறதில பாதி வேற வேலையும் பாக்கும். பிசோப்ரொலோல் நாடி ஒழுங்கில்லாததுக்கோ ஹார்ட் ஃபெயிலியருக்கோ குடுத்திருக்கலாம். லொசார்டான் சலரோகத்தில சலத்தில புரதம் போறதுக்குக் குடுத்திருக்கலாம். ஃபுரூசமைட் நுரையீரலில தண்ணி கட்டினதுக்குக் குடுத்திருக்கலாம். அதுகளைப் பிரஷர் குளிசை எண்டு நினைச்சு நிப்பாட்டினா ஆள் ரெண்டு கிழமையில மூச்சு வாங்கிக்கொண்டு வோர்டில.

பெரியம்மான்ர ஃபுரூசமைட் கதை கேளுங்கோ. கணுக்கால் வீங்கினது எண்டு தொடங்கியிருக்கு. வீக்கம் எப்ப வந்தது? அம்லோடிபினை 5 இல இருந்து 10 ஆக்கி ஒரு மாசத்தில. அம்லோடிபின் சின்ன ரத்தக்குழாய்களை விரிக்கிறதால தண்ணி வெளியில கசிஞ்சு கால் வீங்கும், அது உடம்பில தண்ணி கூடினதால வாற வீக்கம் இல்லை, அதால சலம் போக வைக்கிற குளிசைக்குச் சரியா வத்தாது, ரத்தத்தில இருக்கிற தண்ணிதான் குறையும், எழும்பேக்க இன்னும் விழும். ஒரு குளிசையின்ர பக்க விளைவுக்கு இன்னொரு குளிசை. ஆனா இப்பிடித்தான் எண்டு நம்ப முதல் படுத்தா மூச்சு முட்டுதா, இரவில எழும்பி இருக்கிறவவா எண்டு கேட்டு, நெஞ்சைக் கேட்டு, எக்கோவும் எடுத்துப் பாத்தது. ஹார்ட் ஃபெயிலியர் இல்லை.

இந்தக் கட்டத்தில ஒரு ரத்தச் சோதனை செய்யிறது நல்லது, சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின். தயசைட் வகைச் சலக்குளிசை குடிக்கிற மெலிஞ்ச பெண்களுக்குச் சோடியம் குறைஞ்சிருக்கிறது அடிக்கடி நடக்கிறது, அதுவே தள்ளாட வைக்கும், அப்பிடிக் குறைஞ்சிருந்தா அந்தக் குளிசைதான் முதல்ல போகோணும்.

5. எது முதல்ல போறது

என்ர ஒழுங்கு இது. எழும்பேக்க விழுத்திறதில கெட்டிக்காரக் குளிசை முதல்ல, பக்க விளைவைச் சமாளிக்கக் குடுத்தது அடுத்தது, வேற நல்ல வேலை பாக்கிறது கடைசி.

அப்பிடிப் பாத்தா பிராசோசின்தான் முதல். அது எழும்பேக்க சுருங்கவேண்டிய ரத்தக்குழாயைச் சுருங்க விடாது, அதான் அதின்ர வேலையே. பெண்களுக்கு இன்னொரு கரைச்சல், இருமினாத் தும்மினா சலம் கசியிறதைக் கூட்டும், பெரியம்மா விடிய அந்த அவசரத்தில ஓடினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும். ரெண்டாவது அம்லோடிபினைப் பாதியாக்கிறது. மூண்டாவது ஃபுரூசமைட், ஏனெண்டா அம்லோடிபின் குறைய வீக்கம் குறையும், வீக்கம் குறைஞ்சா ஃபுரூசமைட்டுக்கு வேலை இல்லை. ஒழுங்கை மாத்தி ஃபுரூசமைட்டை முதல் நிப்பாட்டினா கால் இன்னும் வீங்கும், வீட்டுக்காரர் பயந்து திரும்பத் தொடங்குவினம், நான் பாத்திருக்கிறன். லொசார்டானை விட்டு வச்சது.

6. ஒரு நேரத்தில ஒண்டு, இடையில நாலு கிழமை

ரெண்டு குளிசையை ஒண்டா நிப்பாட்டினா, பிரஷர் கூடினா எதால கூடினது எண்டு தெரியாது, ஆள் உசாரானா எதால உசாரானது எண்டும் தெரியாது. அம்லோடிபின் உடம்பில இருந்து போக ஒரு கிழமைக்கு மேல எடுக்கும், அதால மூண்டாம் நாள் அளந்து "ஒண்டும் கூடேல்லை, அடுத்ததையும் வெட்டுவம்" எண்டு போகக்கூடாது.

திடீரெண்டு நிப்பாட்டவே கூடாதது ரெண்டு வகை. அட்டெனொலோல், பிசோப்ரொலோல் மாதிரி பீட்டா ப்ளொக்கர், நெஞ்சு நோவும் நாடி அடிப்பும் பாய்ஞ்சு வரும், கிழமைக் கணக்கில கொஞ்சம் கொஞ்சமா இறக்கோணும். மற்றது குளோனிடின், நிப்பாட்டினா பிரஷர் பழைய அளவை விட மேல ஏறும்.

பிராசோசினில வேற ஒரு பொறி இருக்கு. நிப்பாட்டிக் கொஞ்ச நாளைக்குப் பிறகு யாராவது பழைய டோஸிலயே திரும்பத் தொடங்கினா முதல் குளிசையிலயே ஆள் மயங்கி விழலாம். அதால நிப்பாட்டின என்வலப்பை அலுமாரியில வச்சிருக்காதேங்கோ, பார்மசியில குடுத்திடுங்கோ.

பெரியம்மாவுக்கு நடந்தது இப்பிடி. இரவுப் பிராசோசினை முதல்ல எடுத்தது, விழுறது விடியப்புறம்தானே. நாலு நாளைக்குப் பிறகு மத்தியானத்தது, பிறகு காலமையது, ரெண்டு கிழமைக்குள்ள முழுக்க நிண்டுது. நாலாம் கிழமை படுத்தபடி 152, நிண்டபடி 130. அம்லோடிபின் 10 இல இருந்து 5. எட்டாம் கிழமை வந்து பாக்கேக்க கணுக்காலில சொக்ஸ் போட்ட அடையாளம் மங்கிப்போயிருந்திச்சு, பழைய செருப்புக்குள்ள கால் போகுது எண்டு அவவே காட்டினா. ஃபுரூசமைட் 40 இல இருந்து 20 ஆக்கி, பத்தாம் கிழமை நிப்பாட்டினது. இந்தக் கட்டத்தில மட்டும் ஒவ்வொரு நாளும் காலமை சலம் போன பிறகு, சாப்பிட முதல் நிறை பாக்கச் சொன்னன். மூண்டு நாளில ரெண்டு கிலோ கூடினாலோ படுக்க மூச்சு வாங்கினாலோ உடன சொல்லோணும், அது தண்ணி கட்டுறது. அவவுக்கு 41.2 இல இருந்து 41.8 தான் வந்தது.

7. கூடினா என்ன செய்யிறது

கூடும். அதைத் தொடங்கேக்கயே சொல்லி வையுங்கோ. இங்கிலாந்தில 2020 இல வந்த ஒப்டிமைஸ் எண்ட ஆராய்ச்சியில 80 வயசு தாண்டி, ரெண்டு அல்லது கூடக் குளிசை குடிக்கிற, 150 க்குக் கீழ இருந்த 569 பேரில பாதிப் பேருக்கு ஒரு குளிசையைக் குறைச்சுப் பாத்தவை. 12 கிழமையில மேல் நம்பர் மற்றவையை விட 3.4 தான் கூடியிருந்தது, மூண்டில ரெண்டு பேர் அந்தக் குளிசை இல்லாமலே இருந்தவை. அப்ப மூண்டில ஒராளுக்குத் திரும்பத் தொடங்க வேண்டி வந்திச்சு எண்டதும் அதுக்குள்ள இருக்கு, அது தோல்வி இல்லை, அவருக்கு அது தேவை எண்டு தெரிஞ்சுகொண்டது.

வீட்டில கிழமைக்கு மூண்டு நாள், காலமையும் பின்னேரமும், அஞ்சு நிமிசம் இருந்திட்டு ரெண்டு தரம் அளந்து கொப்பியில எழுதுங்கோ, மூண்டு நாளில ஒரு நாள் நிண்டபடியும். அவ்வளவு போதும். ஒரு வீட்டில ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தரம் அளந்தவை, அந்த அம்மாவுக்கு மிஷினைக் கண்டாலே 20 கூடும்.

ஒரு கிழமைச் சராசரி நீங்கள் டொக்டரோட பேசின மேல் எல்லையைத் தாண்டினா, அவரோட கதைச்சு, கடைசியாக் குறைச்சதை மட்டும் அதுக்கு முந்தின டோஸுக்குத் திரும்பக் கொண்டுபோங்கோ, எல்லாத்தையும் இல்லை. ஒரு தனி நம்பருக்கு ஒண்டும் செய்யாதேங்கோ. ஒன்பதாம் கிழமை பெரியம்மாவுக்கு 172 வந்திச்சு. கனடாவில இருக்கிற மகனோட காணி விசயமா அரை மணித்தியாலம் போனில சண்டை பிடிச்சிட்டு அளந்திருக்கினம். பதட்டத்தில பெரியம்மாவைப் பாக்கிற அக்கா அம்லோடிபின் ரெண்டு ஒண்டாக் குடுத்திட்டா, அண்டைக்குப் பின்னேரமும் அடுத்த நாளும் ஆள் கட்டிலை விட்டு எழும்பேல்லை. அரை மணித்தியாலம் விட்டுத் திரும்ப அளந்திருந்தாக் காணும்.

ஆனா 180 க்கு மேல போய், கூட நெஞ்சு நோவு, மூச்சு முட்டு, வாய் கோணுறது, பேச்சுக் குழறுறது, ஒரு பக்கம் வலு இல்லாமப் போறது ஏதும் இருந்தா கொப்பி கிப்பி பாக்காம 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. நம்பர் சரியா இருந்தாலும் இந்த அறிகுறி இருந்தா அடியுங்கோ.

வயித்தோட்டம், சத்தி, காய்ச்சல் எண்டு சாப்பாடு தண்ணி இறங்காத நாளில மிச்சமிருக்கிற லொசார்டானையும் சலக்குளிசையையும் என்ன செய்யிறது எண்டு முன்கூட்டியே டொக்டரிட்டக் கேட்டு வையுங்கோ. அண்டைக்கு வழமைபோலக் குடுத்தா பிரஷரும் விழும், சிறுநீரகமும் அடிபடும்.

8. குளிசையாலதான் விழுந்தவவா எண்டதையும் கேளுங்கோ

இதில நான் கொஞ்சம் அடக்கமாத்தான் கதைப்பன். குளிசை குறைச்சா எல்லாரும் விழாம இருப்பினம் எண்டு ஆராய்ச்சி காட்டேல்லை. 2025 இல பிரான்சில முதியோர் இல்லங்களில 80 தாண்டின, 130 க்குக் கீழ இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில செய்த பெரிய ஆராய்ச்சியில, படிப்படியாக் குறைச்சவையும் குறைக்காதவையும் கிட்டத்தட்ட ஒரே அளவிலதான் இறந்தவை. குறைச்சதால ஆயுள் கூடேல்லை, குறையவும் இல்லை. அதால நான் குறைக்கிறது நிக்க வச்சு அளந்து இறங்கிறது தெரிஞ்ச ஆளுக்கு, அல்லது குளிசை கூடி உடம்பு சோர்ந்த ஆளுக்கு.

இரவு நித்திரைக்குளிசை, கற்றாக்ட் கண், ஈரப் பாத்ரூம், தேஞ்ச ரப்பர் செருப்பு இதுகளும் விழுத்தும். பெரியம்மான்ர கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் இடையில ஒரு சின்ன லைட் போட்டது, கட்டிலுக்குப் பக்கத்தில கொமோட் கதிரை வச்சது, எழும்ப முதல் கட்டில் விளிம்பில இருந்து கணுக்காலைப் பத்துத் தரம் ஆட்டச் சொன்னது. அதில எது எவ்வளவு உதவினது, குளிசை எவ்வளவு உதவினது எண்டு பிரிச்சுச் சொல்ல எனக்கும் ஏலாது.

9. கிளினிக் கொப்பியில எழுதாட்டி எல்லாம் வீண்

நான் பாத்ததில ஆகக் கூட நடக்கிற பிழை இதுதான். மூண்டு மாசம் கஷ்டப்பட்டுக் குறைப்பினம், அடுத்த கிளினிக்கில வேற டொக்டர், கதிரையில இருத்தி அளந்தா 158, கொப்பியில பழைய லிஸ்ட், நிப்பாட்டினது ஒண்டும் எழுதேல்லை, அவர் பழைய லிஸ்டையே திரும்ப எழுதி ஒண்டைக் கூட்டியும் விடுவார். அவரைக் குறை சொல்ல ஏலாது, ஒரு காலமைக்குள்ள நூறு பேர் பாக்கிறவர், அவருக்கு முன்னால இருக்கிறது ஒரு நம்பர்.

அதால நிப்பாட்டினது எது, எப்ப, ஏன், எந்த அளவு வரைக்கும் விடலாம் எண்டு நாலு வரி கொப்பியின்ர புதுப் பக்கத்தில, திகதியோட. பெரியம்மான்ர கொப்பியில நான் எழுதினதைத் தமிழில சொன்னா இப்பிடி வரும்:

"விடியக்காலமை எழும்பேக்க ரெண்டு தரம் விழுந்து மணிக்கட்டு முறிஞ்சவர். படுத்தபடி 148, நிண்டபடி 112. பிராசோசினும் ஃபுரூசமைட்டும் நிப்பாட்டினது, ஹார்ட் ஃபெயிலியர் இல்லை, கால் வீக்கம் அம்லோடிபினால வந்தது. அம்லோடிபின் 5, லொசார்டான் 50 ரெண்டு தரம் தொடருது. இருந்தபடி 160 வரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம். குளிசை கூட்ட முதல் தயவுசெய்து நிக்க வச்சு அளக்கவும்."

பன்னிரண்டாம் கிழமை அளவையும் அதுக்குக் கீழயே எழுதினன்: படுத்தபடி 154/76, ஒரு நிமிசத்தில 138/74. அந்தப் பக்கத்தில ஒரு பிளாஸ்டிக் கிளிப் மாட்டி வச்சிருக்கிறா அக்கா, டொக்டர் கொப்பியைத் திறந்தா அதுதான் முதல் விரியும்.